சுழல்தட்டில் ஒரு மண் குதிரை: போன் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி, இரண்டரை வருட அனுபவம்

புதுக்கோட்டைப் பக்கம் போயிருந்தபோது அப்பா வாங்கி வந்த சின்ன மண் குதிரை ஒன்று எங்கள் வீட்டுக் கொலுவில் ரொம்ப நாளாக நிற்கிறது. பூச்சு எதுவும் இல்லாத சுட்ட மண். காது நுனி வரை 142 மி.மீ. உயரம். இரண்டரை வருடம் முன்பு கொலு முடிந்து எடுத்து வைக்கும்போது இடது காதின் அடியில் மெல்லிய விரிசல் தெரிந்தது. உடைந்து போவதற்குள் அதன் வடிவத்தை அப்படியே பிடித்து வைத்துவிட வேண்டும் என்றுதான் போட்டோகிராமெட்ரிக்குள் வந்தேன். ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, அந்தப் படங்களிலிருந்தே முப்பரிமாண மாதிரியைக் கணக்கிடும் முறை இது. அதற்குப் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட சின்னப் பொருட்களைச் செய்துவிட்டேன். குதிரையை மட்டும் ஐந்து முறை.

என்னிடம் இருப்பது நடுத்தர விலை போன், ஒரு சின்ன டிரைபாட், கேக்குக்குக் கிரீம் பூச வைத்துக்கொள்ளும் சுழல்தட்டு, என்விடியா கார்டு உள்ள லேப்டாப். மென்பொருள் மெஷ்ரூம், இலவசம். போனிலிருந்தே படங்களை அனுப்பி மாதிரியை வாங்கிக்கொள்ளும் செயலிகளும் உண்டு. ஆனால் எங்கே தப்பு நடந்தது என்று உள்ளே எட்டிப் பார்க்க எனக்கு மெஷ்ரூம்தான் வசதி.

முதல் முயற்சியில் சுழல்தட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, போனை டிரைபாடில் நிறுத்தி, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி 36 படம் எடுத்தேன். படங்கள் ஒவ்வொன்றும் கண்ணுக்கு அழகாக இருந்தன. மெஷ்ரூமில் ஓட விட்டால், பெரும்பாலான படங்களின் மேல் சிவப்புக் கேமரா குறி. அதாவது அந்தப் படங்கள் கணக்கில் சேரவில்லை. சேர்ந்த சிலவும் குதிரையைச் சுற்றி வட்டமாக நிற்காமல் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன.

காரணம் பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டி. மென்பொருளுக்குத் தட்டு சுற்றுவது தெரியாது. பொருள் அசையாமல் நிற்கிறது, கேமராதான் அதைச் சுற்றி வருகிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். படங்களில் தெளிவான புள்ளிகளைத் தேடி, ஒரு படத்தில் உள்ள புள்ளியை அடுத்த படத்தில் கண்டுபிடித்து, அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து கேமரா நின்ற இடத்தைக் கணக்கிடும். நாள்காட்டியின் எழுத்துகளில் அப்படிப்பட்ட புள்ளிகள் மண் குதிரையைவிட ஏராளம். அவை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. குதிரை ‘கேமரா நகர்ந்தது’ என்கிறது, நாள்காட்டி ‘நகரவே இல்லை’ என்கிறது. இரண்டில் நாள்காட்டியின் குரல்தான் பெரிது.

அதனால் சுழல்தட்டு வேலையில் ஒரே ஒரு விதிதான் என்று இப்போது வைத்திருக்கிறேன்: படத்தில் தெளிவாகத் தெரியும் எதுவும் பொருளோடு சேர்ந்து சுற்ற வேண்டும், சுற்றாதது எதுவும் தெரியக் கூடாது. பின்னால் கறுப்பு வெல்வெட் துணியைச் சுருக்கமில்லாமல் தொங்கவிடுகிறேன். சாதாரணக் கறுப்புத் துணியில் மடிப்பும் பஞ்சும் தெரியும். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஒரு எச்சரிக்கை. பின்னணி கறுப்பாக இருந்தால், படம் இருட்டாக இருக்கிறது என்று போன் நினைத்து வெளிச்ச அளவைக் கூட்டிவிடும், குதிரை வெளுத்துவிடும். குதிரையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டுத்தான் முதல் படம்.

தட்டின் மேல் செய்தித்தாள் விரிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. எழுத்துகள் பொருளோடு சேர்ந்தே சுற்றுவதால் கணக்குக்கு அது நல்ல பிடிமானம். வெள்ளைப் பீங்கான் மாதிரி மழுமழுவென்ற பொருட்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அடிப்பக்கத்தையும் எடுக்கக் குதிரையைப் படுக்க வைத்தீர்கள் என்றால் அதே செய்தித்தாள் எதிரியாகிவிடும். முதல் சுற்றில் தாளின் மேல் நின்ற குதிரை, இரண்டாம் சுற்றில் அதே தாளின் மேல் படுத்திருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகாது. என் மூன்றாவது மாதிரியில் இரண்டு குதிரைகள் ஒன்றுக்குள் ஒன்று குத்திக்கொண்டு நின்றது இப்படித்தான். பொருளைத் திருப்பி எடுப்பதாக இருந்தால் தட்டின் மேலும் கறுப்புத் துணிதான். அப்போது மென்பொருளுக்குத் தெரிவது குதிரை மட்டும். நின்ற படங்களும் படுத்த படங்களும் தானாகவே ஒன்று சேரும்.

அடுத்தது, படங்கள் ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு படிய வேண்டும் என்பது. பொதுவாக 60 முதல் 80 சதவீதம் என்று சொல்வார்கள். சுழல்தட்டில் அந்தச் சதவீதத்தை யோசிப்பதைவிடக் கோணத்தை யோசிப்பது சுலபம். தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டி 36 கோடு போட்டிருக்கிறேன்; ஒரு கோட்டுக்கு 10 டிகிரி. ஒரே புள்ளியைப் பக்கவாட்டில் 25, 30 டிகிரி தள்ளிப் பார்த்தால் மென்பொருள் அதை அடையாளம் காண்பது சிரமமாகிவிடும். 10 டிகிரி வைத்தால் ஒரு படம் மங்கலாகப் போனாலும் அதன் இரண்டு பக்கத்துப் படங்களும் 20 டிகிரிக்குள் கைகோத்துக்கொள்ளும். உருண்டையான பானை, கிண்ணம் போன்றவற்றுக்கு 15 டிகிரி, அதாவது 24 படம் போதும். குதிரைக்குப் போதாது. ஒரு கால் இன்னொரு காலை மறைக்கிறது, கழுத்து காதை மறைக்கிறது. பரப்பில் உள்ள ஒவ்வொரு இடமும் குறைந்தது மூன்று படத்திலாவது தெரிந்தால்தான் நம்பலாம் என்பது என் கணக்கு. உள்தொடை மாதிரி இடங்கள் ஒரு முழுச் சுற்றில் நாலைந்து படத்தில்தான் எட்டிப் பார்க்கும்.

பலரும் கவனிக்காதது மேல் கீழ் இடைவெளி. கேமராவைக் குதிரையின் வயிற்று மட்டத்தில் வைத்து ஒரு சுற்று, பிறகு நேரே 60 டிகிரி உயரத்துக்குப் போய் இன்னொரு சுற்று என்று ஒருமுறை எடுத்தேன். ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் படங்கள் நன்றாகப் படிந்தன. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் பாலமே இல்லை. மேல் சுற்று மொத்தமும் கழன்றுவிட்டது. இப்போது 10, 35, 60 டிகிரி என்று மூன்று உயரம். கீழே இரண்டிலும் தலா 36 படம், மேலே 18. குதிரையைப் படுக்க வைத்து இரண்டு உயரத்தில் மொத்தம் 54. ஆக 144 படம், முக்கால் மணி நேர வேலை. தட்டு நின்ற பிறகு ஒரு நொடி பொறுத்து, இரண்டு நொடி டைமரில் எடுக்கிறேன். போனைத் தொட்டு எடுத்தால் அந்த அதிர்வே படத்தை மென்மையாக்கிவிடும்.

போன் பற்றி இன்னும் ஒன்று. சின்னப் பொருள் என்று மிக நெருங்கிப் போகாதீர்கள். பல போன்கள் நெருங்கியவுடன் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறி மேக்ரோவாக எடுக்கும். பாதிப் படம் ஒரு லென்ஸிலும் பாதி இன்னொன்றிலும் வந்தால் கணக்கு குழம்பும். தவிர, மிக அருகில் மூக்கு தெளிவாக இருந்தால் வால் மங்கிவிடும். மேக்ரோவை அணைத்துவிட்டு, பிரதான லென்ஸில், 35 செ.மீ. தள்ளி எடுக்கிறேன். ஜூமை நடுவில் தொடுவதில்லை. படங்களைக் கேபிள் வழியாகத்தான் லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும். அரட்டைச் செயலியில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், லென்ஸ் விவரமும் அழிந்துவிடும்.

வெளிச்சத்திலும் அதே விதிதான் வேறு வடிவில் வருகிறது. விளக்கு நிற்கிறது, குதிரை சுற்றுகிறது. ஒரே பக்கத்திலிருந்து கூர்மையான வெளிச்சம் விழுந்தால் பிடரியின் நிழல் கழுத்தின் மேல் ஊர்ந்துகொண்டே போகும். மென்பொருள் அந்த நிழலின் ஓரத்தையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளும். விளைவு, கழுத்தில் இல்லாத மேடு பள்ளம், நிறத்தில் திட்டுத்திட்டான கறை. ஆகவே நிழலே தெரியாத வெளிச்சம் வேண்டும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே வகை எல்இடி பல்பு, ஒவ்வொன்றின் முன்னும் நீட்டிக் கட்டிய மெல்லிய வெள்ளை வேட்டித் துணி. விளக்கு துணியிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தால்தான் துணி முழுவதும் ஒளிரும். குதிரையின் வயிற்றுக்கடியில் ஒரு விரலை நீட்டிப் பாருங்கள். விரலின் நிழலுக்கு ஓரம் தெரிந்தால் இன்னும் மென்மையாக்க வேண்டும். மலிவான பல்புகளில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. போனின் புரோ பயன்முறையில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டை போய்விடும்.

பித்தளை விளக்கு எனக்கு இந்த முறையில் சரியாக வந்ததே இல்லை. அதன் மேல் தெரியும் பளபளப்பு விளக்கோடு சுற்றாமல் பல்போடு நிற்கிறது, மாதிரி முழுக்க ஓட்டை. வீட்டு விளக்கு என்பதால் விபூதியைத் தண்ணீரில் கரைத்து மெல்லப் பூசிக் காயவிட்டு எடுத்தேன். வடிவம் வந்துவிட்டது, நிறம் சாம்பல். வடிவம் மட்டும் போதும் என்றால் இது வேலை செய்யும். துடைக்க முடியாத பழைய பொருட்களில் இதைச் செய்யக் கூடாது.

ஐந்தாவது குதிரைக்கு வருகிறேன். 144 படத்தில் மங்கலான 5 படத்தை முன்பே எடுத்துவிட்டேன். முழுக் கணக்கையும் ஓட்டாமல் முதலில், கேமரா நின்ற இடங்களைக் கணக்கிடும் StructureFromMotion என்ற படி வரை மட்டும் ஓட்டுவேன். இது சீக்கிரம் முடிந்துவிடும். கேமராக்கள் நெக்லஸ் மாதிரி ஒழுங்கான வட்டங்களில் நின்றால்தான் மேலே போவது. வட்டத்தில் பல் விழுந்த இடம் தெரிந்தால் அந்தக் கோணத்தில் திரும்ப எடுக்கலாம், தட்டு இன்னும் கலையாமல் இருக்கும். இந்த முறை 139-இல் 137 சேர்ந்தன.

வந்த மாதிரிக்கு அளவு கிடையாது. படங்களிலிருந்து வடிவம் தெரியுமே தவிர, குதிரை 14 சென்டிமீட்டரா 14 மீட்டரா என்று தெரியாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் குளம்பு முதல் காது வரை அளந்தால் 3.27. வெர்னியர் காலிப்பரில் 142 மி.மீ. 142-ஐ 3.27-ஆல் வகுத்தால் 43.43, அதால் பெருக்கினேன். சரிதானா என்று பார்க்க, இதில் பயன்படுத்தாத இன்னொரு நீளத்தை எடுத்துக்கொண்டேன். மார்பு முதல் வால் வரை நிஜத்தில் 118 மி.மீ., மாதிரியில் 117.4.

காதின் விரிசல் மாதிரியின் நிறத்தில் கோடாகத் தெரிகிறது, வடிவத்தில் பள்ளமாக இல்லை. முடி அளவு மெல்லியதை இந்தத் தூரத்திலிருந்து போன் பிடிக்காது. காதை மட்டும் 20 செ.மீ. தூரத்தில், அதே லென்ஸில், தனியாக ஒரு 30 படம் எடுத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் பாலமாக 28 செ.மீ. தூரத்திலிருந்தும் ஒரு பத்துப் படம் வேண்டியிருக்கும். வெல்வெட்டை இன்னும் கழற்றவில்லை.