மெனு போர்டை அட்டவணையாக்கும் ஆப்: காலிக் கட்டம்தான் அதன் வியாதி

சந்தா விலை பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தங்கச்சிமடத்தில் மெஸ் தொடங்கப்போகும் மாப்பிள்ளை ஒருவர் "வாங்கலாமா?" என்று கேட்டார். இந்த ஆப் மேல் எனக்குள்ள மதிப்பையும் கோபத்தையும் போனில் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தேவிபட்டினத்திலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள சின்ன ஹோட்டல்களுக்கு ஆன்லைன் ஆர்டர் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் வேலை. கடைச் சுவரில் தொங்கும் போர்டைப் போட்டோ எடுத்து, எக்செல் தாளாக மாற்ற இந்த ஆப்பைத்தான் வெகுநாளாக வைத்திருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்து படிப்பதில் இதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துப் பழைய பெயின்டர்கள் சிலர் இன்னும் 'லை', 'ணை' எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய கொம்பு போட்டுத்தான் எழுதுவார்கள். அதையும் சரியாகப் படிக்கிறது. உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்து பாதி நிற்கிற 'கணவாய்' கூட கணவாயாகவே வருகிறது. விலைக்குப் பின்னால் போடும் '/-' மட்டும் சில நேரம் ஒன்றாக மாறி, 180 என்பது 1801 ஆகும். அது பார்த்ததுமே கண்ணில் குத்தும், திருத்திவிடலாம். 'சிக்கன் 65' வரிசையில் 65-ஐ விலை என்று நினைத்து முதல் கட்டத்தில் தூக்கிப் போடும். அப்போது அந்த வரிசையில் மட்டும் ஒரு கட்டம் கூடிப்போய் நீட்டிக்கொண்டு நிற்கும். இதுவும் பரவாயில்லை. தப்பு தானாக வந்து முன்னால் நிற்கிறது.

என் பிரச்சினை சத்தம் போடாத தப்பு. கீழக்கரையில் ஒரு கடை. போர்டில் பதார்த்தத்தின் பெயர், அப்புறம் கால், அரை, முழு என்று மூன்று விலைக் கட்டம். நடுவில் கோடு எதுவும் கிடையாது, இடைவெளி விட்டு எழுதியிருப்பதுதான். கிரில் சிக்கன் 130, 250, 480. அதற்குக் கீழே நாட்டுக்கோழி வறுவல். அதில் கால் கிடையாது. நாட்டுக்கோழி சின்னது, நாலாகப் பிரித்தால் தட்டில் ஒன்றும் இருக்காது என்று அந்தக் கடையில் அரையும் முழுசும்தான். போர்டில் கால் என்ற இடம் வெறுமையாக இருக்கும், அடுத்து 320, 600.

ஆப் கொடுத்த தாளில் கால் 320, அரை 600, முழு காலி.

கடை அண்ணன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம கடையில நாட்டுக்கோழி கால் எப்போ போட்டோம்?" என்று கேட்டார். அவர் கண்ணில் படாமல் போயிருந்தால், அரை கேட்ட ஆளிடம் முழுக்கோழி விலையை வாங்கியிருப்பார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? வரிசையில் இருக்கும் எழுத்துகளை ஆப் இடமிருந்து வலமாக எடுக்கிறது, இடைவெளி வருமிடத்தில் வெட்டுகிறது, வெட்டிய துண்டுகளை முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று வரிசையாக நிரப்புகிறது. 320 என்பது தலைப்பில் இருக்கும் 'அரை'க்கு நேர் கீழே நிற்கிறதா என்று பார்ப்பதே இல்லை. எழுத்து இல்லாத இடம் அதன் கணக்கில் இடமே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், நாம் வழக்கமாகச் செய்யும் சோதனையில் இது மாட்டாது. காலிக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காமல், காலைவிட அரை அதிகமா, அரையைவிட முழுசு அதிகமா என்று எக்செல்லில் ஒரு சூத்திரம் போட்டுப் பார்ப்போம். 320, 600 இரண்டும் சேர்ந்தே இடப்பக்கம் நகர்ந்ததால் ஏறுவரிசை கெடவில்லை, சோதனை பாஸ். கண்டுபிடிக்க ஒரே வழி கடைசிக் கட்டத்தைப் பார்ப்பது. இந்த மாதிரிக் கடைகளில் கால் இல்லாத அயிட்டம் நிறைய இருக்கும், முழு இல்லாத அயிட்டம் அபூர்வம். 'முழு' காலியாக இருக்கிற வரிசைகளை மட்டும் வடிகட்டி, போட்டோவோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் போதும். 'ஒரு பிளேட்' என்று ஒரே விலை இருக்கும் நண்டு மசாலா, இறால் தொக்கு வகையறாவும் அதில் வந்து நிற்கும். அவற்றைத் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தடுக்கவும் வழி உண்டு. போட்டோவை ஆப்புக்குக் கொடுக்கும் முன், போனிலேயே படத்தின் மேல் விரலால் கோடு போடும் வசதியைத் திறந்து, கட்டங்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக மூன்று நேர்கோடு இழுத்துவிடுகிறேன். கோடு இருந்தால் ஆப் அதைச் சுவராக மதிக்கிறது, காலி இடம் காலியாகவே நிற்கிறது. காலி இடத்தில் சிறுகோடு எழுதிப் பார்ப்பதில் பலனில்லை, அதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறது. போட்டோவும் நேராக இருக்க வேண்டும். உயரத்தில் தொங்கும் போர்டைக் கீழிருந்து எடுத்தால் கட்டங்கள் மேலே போகப் போகக் குறுகி, நேர்கோடு பாதி வழியில் எண்ணின் மேலேயே ஏறிவிடும். நாலு எட்டு பின்னால் போய் ஜூம் வைத்து எடுப்பது நல்லது.

காலி காலியாகவே வந்துவிட்டால் அடுத்த வேலை இனிமையானது. ஆர்டர் தளங்கள் போர்டு மாதிரி அகலமான அட்டவணையை ஏற்பதில்லை. ஒவ்வொரு அளவுக்கும் தனி வரி கேட்கும். எக்செல்லின் Power Query-யில் பெயர் இருக்கும் கட்டத்தின் தலைப்பில் வலது கிளிக் செய்து Unpivot Other Columns கொடுத்தால் எல்லாம் தானாகக் கீழ்நோக்கி அடுக்கிக்கொள்ளும். நிஜமான காலிக் கட்டத்துக்கு அது வரியே போடாது. இல்லாத 'கால்' பட்டியலிலும் இல்லாமல் போகிறது:

```
கிரில் சிக்கன்,கால்,130
கிரில் சிக்கன்,அரை,250
கிரில் சிக்கன்,முழு,480
நாட்டுக்கோழி வறுவல்,அரை,320
நாட்டுக்கோழி வறுவல்,முழு,600
```

காலிக்குப் பதில் ஆப் ஒரு ஸ்பேஸை வைத்திருந்தால் மட்டும் விலையில்லாத வரி ஒன்று முளைக்கும். அதை வடிகட்டிவிடலாம். தளம் முழு விலையைக் கேட்கிறதா, அடிப்படை விலைக்கு மேல் கூடுதலை மட்டும் கேட்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் என்றால் கிரில் சிக்கன் அரைக்கு 120 என்றுதான் போட வேண்டும்.

மீன் அயிட்டங்களை நான் இந்த ஆப்பிடம் விடுவதே இல்லை. பாதிக் கட்டத்தில் 'சைஸ் பொறுத்து' என்று இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், அந்த 61 நாளும் பழைய விலை மேல் புது விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கடையில் உட்கார்ந்து கேட்டு எழுதுவதுதான் அதற்குச் சரி.

காலிக் கட்டம் பற்றி ஆப் நடத்துகிறவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். 'தெளிவான போட்டோ எடுக்கவும்' என்று பதில் வந்தது. போட்டோ தெளிவாகத்தான் இருந்தது, ஒவ்வொரு எண்ணையும் அவர்கள் ஆப்பே சரியாகப் படித்திருந்தது. எரிச்சல் அங்கேதான். உரிந்த பெயின்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தலைப்புக்கு நேர் கீழே பார்க்கச் சொல்லித்தர மனமில்லை. எழுத்து படிப்பதற்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம், மொத்தத்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறேன். திருத்தும்வரை மாற்றப்போவதில்லை.

மாப்பிள்ளை, உங்கள் மெஸ்ஸில் முப்பது அயிட்டம்கூட வராது. விலை பாதியானாலும் வாங்காதீர்கள். சாயங்காலம் உட்கார்ந்து கையால் டைப் செய்யுங்கள், கால் இல்லாத இடத்தைக் காலியாக விடுங்கள்.