ஏர் ஸ்க்ரூவைத் திருப்பினால் ஊட்டி ஏறிவிடாது

தம்பியின் நண்பன் ஒருவன் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை போகத் திட்டமிட்டிருக்கிறான். என்னிடம் இருப்பதைப் போலவே அவனிடமும் வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட பழைய புல்லட் 350, அதில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். "அண்ணா, அங்கே எந்த ஜெட் போட வேண்டும்?" என்று கேட்டான், பெட்ரோல் ஓட்டத்தை அளந்து விடும் அந்தச் சின்னத் துளைத் திருகைத்தான். அவன் கேட்ட நேரம் அப்படி. சர்வீஸுக்கு விட்ட என் வண்டி அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தது. "மலைக்குப் போவீர்களே, செட் பண்ணியிருக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பார்த்தால் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே இறுக்கியிருக்கிறார்கள்.

இந்த ஸ்க்ரூவால்தான் எனக்கு ஓயாத எரிச்சல். விஎம் வகைக் கார்புரேட்டரில் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சிறிய பித்தளைத் திருகு காற்றைத்தான் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் காற்று கூடும், கலவை மெலியும், அதாவது அதில் பெட்ரோலின் பங்கு குறையும். பிற்காலப் புல்லட்டுகளில் வந்த பிஎஸ்29 போன்ற கார்புரேட்டர்களில் என்ஜின் பக்கமாக இருக்கும் திருகோ கலவையைக் கட்டுப்படுத்துவது. அதை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இரண்டும் நேர் எதிர். மலையில் கலவை மெலிய வேண்டும் என்பது அந்தப் பட்டறைக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் கையிலிருப்பது எந்த வகை என்று பார்க்கவில்லை. அதனால் ஏற்கெனவே பெட்ரோல் மிகுந்து திணறப்போகும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊட்டி அனுப்பிவிட்டார்கள்.

சரியான திசையில் திருப்பியிருந்தாலும் பெரிய பயன் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. அந்த ஸ்க்ரூவின் அதிகாரம் ஐடிலிலும், ஆக்சிலரேட்டரை ஏறத்தாழக் கால் பங்கு திறக்கும் வரையிலும்தான் செல்லுபடியாகும். அதற்கு மேல் கலவையைத் தீர்மானிப்பது நீடில், ஆக்சிலரேட்டரோடு எழுந்து பெட்ரோல் வழியைத் திறக்கும் ஊசி. முக்கால் பங்கைத் தாண்டினால் மெயின் ஜெட். பர்லியார் தாண்டிக் குன்னூருக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில், பின்னால் ஆளையும் உட்காரவைத்துக்கொண்டு ஏறுகிறவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு திறந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்றம் முழுக்கப் பாதியில்தான் கை நிற்கும். அங்கே ஏர் ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. ஆனால் வழியில் டீக்கடையில் நிற்கும் எவரும் முதலில் ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுக்கிறார், ஏனென்றால் கைக்கு எட்டுவது அதுதான்.

நடப்பது இதுதான். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்றின் அழுத்தம் குறைகிறது. குளிரால் காற்று சற்று அடர்ந்து அதில் கொஞ்சத்தை ஈடுகட்டினாலும், கடைசிக் கணக்கில் ஊட்டியில் என்ஜின் இழுக்கும் காற்றின் எடை கீழே இருந்ததைவிட 17% அளவுக்குக் குறைவு. கார்புரேட்டருக்கு இது முழுதாகத் தெரியாது. காற்று நீர்க்கும்போது பெட்ரோலை உறிஞ்சும் இழுவையும் குறையும்தான், ஆனால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை, அதில் பாதிதான் குறைகிறது. மீதிதான் கலவையில் பெட்ரோல் மிகுதியாக நின்றுவிடுகிறது. ஊட்டியில் அந்த மிகுதி 10% அளவு.

இதை வண்டியே சொல்லிவிடும். எக்ஸாஸ்ட் சத்தம் மந்தமாகக் கனக்கும், வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் என்ஜின் ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகுதான் எடுக்கும், சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாசனை வரும். சந்தேகமிருந்தால் ஏற்றத்தில் போகும்போதே, பெட்ரோலைக் கூட்டும் சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். வண்டி இன்னும் திணறினால் பெட்ரோல் மிகுதி, கொஞ்சம் நன்றாக இழுத்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னொரு வழி, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு ஓட்டுவது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மட்டம் இறங்கும்போது, நிற்பதற்கு முன் சிறிது தூரம் வண்டி உற்சாகமாக இழுத்தால் அதுவே சாட்சி. பிளக் பார்க்க வேண்டுமென்றால் ஏற்றத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்ற வேண்டும். ஊட்டி மார்க்கெட் நெரிசலில் ஐடிலில் ஊர்ந்துவிட்டுக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும்.

நீலகிரிக்கு நான் ஜெட்டைத் தொடுவதே இல்லை. நீடிலின் கிளிப்பைத்தான் மாற்றுகிறேன். நீடிலின் தலைப்பக்கம் வரிசையாகச் சின்னப் பள்ளங்கள் உண்டு. கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டினால் நீடில் அந்த அளவு கீழே இறங்கும், பெட்ரோல் வழி குறுகும். இந்த ஒரே ஒரு பள்ளத்தில் என் வண்டியின் குணமே மாறிவிட்டது. காட்டேரி அருகே முன்பெல்லாம் முதல் கியருக்கு இறங்க வேண்டிய இடங்களில் இரண்டாவதிலேயே சீராக ஏறுகிறது. ஊட்டியில் ஐடில் சரியில்லாமல் அணைந்தால் மட்டும் ஏர் ஸ்க்ரூவுக்கு வேலை. என்ஜின் சூடாக இருக்கும்போது அதை மெல்ல வெளியே திருப்பி, வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு நல்லது செய்யும் கிளிப்பை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கார்புரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி, ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடையும் ஸ்பிரிங்கையும் கேபிளோடு வெளியே இழுத்து, ஸ்பிரிங்கை நசுக்கிப் பிடித்துக்கொண்டே கேபிளின் முனையை விடுவித்து, உள்ளே இருக்கும் சின்னத் தகட்டை எடுத்தால்தான் நீடில் கைக்கு வரும். கிளிப் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. குறட்டால் தள்ளினால் தெறித்துப் போய்ப் புல்லில் விழும். கீழே ஒரு துண்டை விரிக்காமல் அதைத் தொடாதீர்கள், பையில் உபரியாக ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கும் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும். திசை மாறி மாட்டினால் ஸ்டார்ட் ஆனவுடன் என்ஜின் முழு வேகத்தில் அலறக்கூடும். மூடியதும் ஆக்சிலரேட்டரைத் திருப்பி விட்டு, ஸ்லைடு டக்கென்று கீழே விழும் சத்தம் வருகிறதா என்று கேட்ட பிறகே உதைக்க வேண்டும். பயனற்ற ஸ்க்ரூ வெளியே, பயனுள்ள கிளிப் உள்ளே. இதை வடிவமைத்தவர் மலையடிவாரத்தில் ஒருமுறை குளிரில் விரல் விறைக்க நின்றிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்.

நியாயமாகச் சொன்னால் சில விஷயங்கள் கார்புரேட்டரின் தவறல்ல. கலவையை எவ்வளவு சரிசெய்தாலும் 17% காற்று இல்லை என்பது இல்லைதான். சமவெளியின் இழுவை திரும்ப வராது, திணறல்தான் போகும். "ஜெட் மாற்றினேன், பவர் வந்துவிட்டது" என்பவர்களுக்கு வந்தது இழந்ததில் ஒரு பகுதி மட்டுமே. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். கலவை மெலிவது உண்மை, கூடவே சாலைத் தூசி நேரே சிலிண்டருக்குள் போவதும் உண்மை.

இறங்கும்போது இன்னொரு கவனம் தேவை. குன்னூரிலிருந்து ஆக்சிலரேட்டரை மூடி இறங்கும் வரை மெலிந்த நீடிலால் கேடில்லை. மேட்டுப்பாளையம் வந்து, வெயிலில் கோயம்புத்தூர் சாலையில் பாதி ஆக்சிலரேட்டரில் தொடர்ந்து ஓட்டுவதுதான் ஆபத்து. பெட்ரோல் போதாமல் என்ஜின் சுடும், கிணுகிணுவென்று தட்டும், அப்படியே விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிகுந்த வண்டி கறுப்புப் புகை விட்டுக்கொண்டு வீடு வந்து சேரும், மெலிந்த வண்டி பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே மலையடிவாரத்துக் கல்லாற்றிலேயே மறுபடி துண்டை விரித்துக் கிளிப்பைப் பழைய பள்ளத்தில் மாட்ட வேண்டும். ஆமாம், மறுபடியும் அதே கூத்து.

இனி அவன் கேள்வி. மணாலியே 2,050 மீட்டர், அதாவது அவன் பயணம் தொடங்கும் இடமே கிட்டத்தட்ட ஊட்டி. லே 3,500 மீட்டர். வழியில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். ஊட்டிக்கு நான் சொன்ன அதே கணக்கில் லேயில் கலவை 18% அளவுக்கும் தங்லங் லாவில் 30% அளவுக்கும் தடிக்கும். ஒரு பள்ளக் கிளிப் அங்கே போதாது. காலையில் ஏறி மாலையில் இறங்குகிற நீலகிரிப் பயணமும் அல்ல அது, நாள் கணக்கில் உயரத்திலேயே இருக்க வேண்டும். அங்கே கிளிப்போடு மெயின் ஜெட்டையும் மாற்றுவதுதான் முறை. ஆனால் உச்சிக்கு ஏற்ப மாற்றக் கூடாது, தங்கும் உயரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். இந்தக் கார்புரேட்டரின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் பெட்ரோல் ஓட்டத்தின் அளவு. உதாரணமாக 100 எண் ஜெட் இருந்தால் 85 போதும். கணவாயில் ஒரு மணி நேரம் அது கொஞ்சம் தடித்து ஓடும், என்ஜின் அதைத் தாங்கும். கணவாய்க்கென்று 77.5 போட்டால் வழியில் தாழ்வாக இருக்கும் கீலாங் பக்கம் இறங்கும்போது மெலிந்துவிடும்.

ஜெட்டை எண் முத்திரையுள்ளதாகப் புதிதாக வாங்க வேண்டும். பழைய ஜெட்டைக் கம்பி விட்டுக் குடைந்து "பெரிதாக்கித்" தருகிற கைகளிடம் கொடுத்தால் அதன் எண்ணுக்கு அர்த்தமே போய்விடும். ஒருமுறை அகன்ற துளையை யாராலும் சுருக்கவும் முடியாது.

இதையெல்லாம் அவனுக்கு எழுதி அனுப்பிய கையோடு, உன் அண்ணனிடம் இருக்கும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போ என்றும் எழுதினேன். அதில் அழுத்தத்தை அளக்க சென்சார் இருக்கிறது, அதுவே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இழுவை அதிலும் குறையும், ஆனால் கிளிப்பைத் தேடிப் புல்லைத் துழாவ வேண்டியதில்லை. என் புல்லட்டை நான் அடுத்த ஞாயிறு கோத்தகிரிக்கு எடுத்துப் போகிறேன். அது வேறு விஷயம்.

அவன் கேட்கப்போவதில்லை, புல்லட்டில்தான் போவான். அதனால் கடைசியாக ஒன்று சேர்த்து அனுப்பினேன். பழைய ஜெட்டைச் சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள். திரும்பும்போது மணாலியிலேயே அதை மாட்டிவிடு, கிளிப்பையும் பழைய பள்ளத்துக்கு மாற்றிவிடு. கீழே இருக்கும் மண்டி ஊர் வெறும் 800 மீட்டர்தான், அங்கிருந்து சண்டிகர் வரை வெயிலில் 85 ஜெட்டோடு விரட்டினால் எனக்குப் போன் செய்யாதே.