வேகத்தடையில் அடி தட்டுவது உயரத்தால் மட்டும் அல்ல: தாழ்வான செடான் ஓட்டிய அனுபவம்

சில வருடங்களாக ஒரு செடான் வைத்திருக்கிறேன். கிரவுண்ட் கிளியரன்ஸ் 16.5 சென்டிமீட்டர், முன் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் இரண்டரை மீட்டர். மைலேஜ், இருக்கை வசதி எல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது வண்டியின் அடிவயிற்றைப் பற்றி.

வேகத்தடை என்றால் எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் வண்டி போகும் திசையில் அதன் அகலம்தான் பாதிக் கதை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டுதல் சொல்லும் வட்ட வடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் கொண்டது. 3.7 மீட்டர் என்பது என் வண்டியின் சக்கர இடைவெளியை விட அதிகம். அதனால் வண்டி நடுவில் இருக்கும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கின்றன. அதாவது மேடு வண்டியையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. கணக்குப் போட்டால், சக்கர மட்டத்துக்கு மேலே நடுவில் துருத்தி நிற்பது நாலரை சென்டிமீட்டர்தான். ஐந்து பேர் ஏறி வண்டி நாலு சென்டிமீட்டர் அமுங்கினாலும் எட்டு சென்டிமீட்டர் மிச்சம். தட்ட வாய்ப்பே இல்லை.

இப்போது தெருவில் கையிருப்புத் தாரையோ சிமெண்டையோ குவித்துப் போட்ட மேட்டுக்கு வருவோம். நான் டேப் வைத்து அளந்த ஒன்று 15 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம். இதில் முன் சக்கரம் ஏறி இறங்கித் தரைக்கு வந்துவிடுகிறது, பின் சக்கரம் இன்னும் ஏறவே இல்லை. நான்கு சக்கரமும் தரையில், நடுவில் மேடு. முழு 15 சென்டிமீட்டரும் அடிவயிற்றுக்கு நேராக வருகிறது. தனியாகப் போனால் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசத்தில் தப்பிக்கலாம். அதே ஐந்து பேருடன் போனால் கிளியரன்ஸ் 12.5 ஆகிவிடுகிறது, மேட்டைத் தாண்ட இரண்டரை சென்டிமீட்டர் போதவில்லை. நேராகப் போனால் தட்டியே தீரும், எவ்வளவு மெதுவாகப் போனாலும்.

வாங்கும்போது விளம்பரத்தில் பார்க்கும் எண் பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டிக்கானது. இதை ஷோரூமில் யாரும் தானாகச் சொல்வதில்லை.

மெதுவாகப் போனால் போதும் என்பது அகலமான தடைக்குச் சரி. குறுகிய தடைக்கு வேறு ஒன்று தேவை: கொஞ்சம் சாய்வாகக் கடப்பது. ஒரு நேரத்தில் ஒரு சக்கரமாக ஏறும்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு சக்கரம் மேட்டின் மேலேயோ அருகிலேயோ இருக்கும், உடம்பு கொஞ்சம் தூக்கியே நிற்கும். எதிரே வண்டி வந்தால் இது முடியாது. அப்போது பின்னால் இருப்பவர்களை இறக்கிவிடுவதுதான் வழி, கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும். இன்னொன்று, பிரேக்கை அழுத்தியபடியே ஏறக்கூடாது. பிரேக் போட்டால் மூக்கு தாழ்கிறது. முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும் நேரத்தில் காலை எடுத்துவிட வேண்டும்.

எங்கே தட்டியது என்பதைச் சத்தமே சொல்லிவிடும். 'சரக்' என்று முன்னாலிருந்து வந்தால் பம்பரின் கீழே இருக்கும் பிளாஸ்டிக், பெரிய கவலை இல்லை. நடுவிலிருந்து உலோகம் உரசும் சத்தம் வந்தால் சைலன்சர் குழாயாக இருக்கலாம். அன்றே குனிந்து பார்த்துவிடுவேன். கீழே எண்ணெய்ச் சொட்டு தெரிந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

நடைபாதை ஓரக்கல்லின் கதை வேறு. சாலையிலிருந்து அது சுமார் 15 சென்டிமீட்டர் எழுந்து நிற்பது வழக்கம். அங்கே மாட்டுவது நடுப்பகுதி இல்லை, சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருக்கும் மூக்கு. வண்டியைக் கல்லை நோக்கி நிறுத்தும்போது, டயர் கல்லைத் தொடும் முன்பே பம்பர் கல்லுக்கு மேலே போய்விடுகிறது. காலி வண்டியில் அது உரசாமல் நிற்கும். பிறகு எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் மூக்கு இறங்கி, பம்பரின் கீழ் விளிம்பு கல்லின் மேல் படிந்துவிடும். ரிவர்ஸ் எடுத்தால் விளிம்பு கல்லில் மாட்டி, பம்பர் கிளிப்போடு பிய்ந்து வரும். நான் இப்போதெல்லாம் கல்லுக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்திவிடுகிறேன்.

ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் வளையம் வைத்தால் வண்டி உயரும் என்று கடையில் சொன்னார்கள். வைத்துப் பார்த்தேன். அமுங்குவது குறைந்தது உண்மைதான், ஆனால் சின்னக் குழியில்கூட முதுகில் குத்தியது. கழற்றிவிட்டேன். அடுத்த டயர் மாற்றத்தில் 185/65க்குப் பதில் 185/70 போடலாமா என்று பார்க்கிறேன். அதில் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பதால் வண்டி சுமார் 9 மில்லிமீட்டர் உயரும், ஸ்பீடோமீட்டர் அதே வேகத்துக்கு இப்போது காட்டுவதைவிட ஏறக்குறைய மூன்று சதவீதம் குறைவாகக் காட்டத் தொடங்கும். 15 அங்குல டயரின் பக்கச்சுவர் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுக்குள் உரசாமல் திரும்புகிறதா என்று முதலில் மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும்.