ஷவர் கண்ணாடியும் குளியல் மக்கும்: வினிகரா, சிட்ரிக் ஆசிடா?

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். ஷவர் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு வருஷத்திலேயே அதன் கீழ்ப்பாதி பால் தெளித்ததுபோல் மங்கிவிட்டது. நீல நிற மக்கின் உள்ளே, தண்ணீர் நிற்கும் உயரத்தில், வெள்ளையாக ஒரு வளையம். பாத்திரம் துலக்கும் நாரும் சோப்புமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தும் கறை போகவில்லை. மக்கில் கீறல்தான் விழுந்தது, அடுத்த அழுக்கு அந்தக் கீறலில்தான் போய் உட்கார்ந்தது. அதனால் தேய்ப்பதை விட்டுவிட்டு, கறையைக் கரைக்கும் வழியைத் தேடினேன்.

அந்த வெள்ளைப் படலத்தில் இரண்டு சமாசாரம் கலந்திருக்கிறது. ஒன்று, தண்ணீர் காய்ந்தபின் தங்கும் சுண்ணாம்பு. இன்னொன்று, குளியல் சோப்பு தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து உண்டாகும் பிசுக்கு. இது தண்ணீரில் கரையவே கரையாது. இரண்டுக்கும் புளிப்புதான் மருந்து. எந்தப் புளிப்பு என்பதில்தான் போட்டி.

டாய்லெட் கழுவும் ஆசிடை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கறை வேகமாகப் போகும், ஆனால் அதன் ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும், கதவின் கீல், கைப்பிடி, குழாய் எல்லாவற்றின் பளபளப்பையும் தின்றுவிடும். மீதி இருப்பது வினிகரும் சிட்ரிக் ஆசிடும். லெமன் சால்ட் என்று கேட்டாலும் கடையில் சிட்ரிக் ஆசிடைத்தான் எடுத்துத் தருவார்கள்.

கதவின் இடப்பாதியில் வினிகரையும் வலப்பாதியில் சிட்ரிக் ஆசிடையும் வைத்துப் பார்த்தேன். வெள்ளை வினிகரை அப்படியே ஊற்றினேன். சிட்ரிக் ஆசிடை, கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம், என்று கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். முதல் தடவை இரண்டுமே தோற்றன. செங்குத்தான கண்ணாடியில் அடித்த தண்ணீர் நிமிஷத்தில் வழிந்து கீழே போய்விடுகிறது, கறையோடு அதற்கு வேலை செய்ய நேரமே இல்லை.

உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த நேரம்தான். மறுநாள் பழைய பருத்தித் துணியைக் கரைசலில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்தேன். காயக் காய மேலே ஸ்ப்ரே அடித்து, 20 நிமிஷம் ஈரமாகவே வைத்திருந்தேன். துணியை எடுத்தபோது சுண்ணாம்பு கரைந்திருந்தது. விரலை ஓட்டினால் மட்டும் எண்ணெய் தொட்டதுபோல் வழுக்கியது. சோப்புப் பிசுக்கிலிருந்த கால்சியத்தைப் புளிப்பு பிரித்துவிட்டது, கொழுப்பு மட்டும் தங்கிவிட்டது, அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, மெத்தென்ற ஸ்பாஞ்சால் துடைத்ததும் அதுவும் போய்விட்டது. இந்த இரண்டாவது கழுவலை விட்டால், "ஆசிட் போட்டும் மங்கலாகவே இருக்கிறது" என்றுதான் தோன்றும்.

இரண்டு பாதியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வந்தன. வலப்பாதி கொஞ்சம் சீக்கிரம் தெளிந்தது. ஆனாலும் நான் சிட்ரிக் ஆசிடோடு நின்றுவிட்டதற்கு வாடைதான் காரணம். ஜன்னல் சின்னதாக இருக்கும் குளியலறையில் 20 நிமிஷம் வினிகர் வாடையோடு இருப்பது கஷ்டம். பொடி என்பதால் வேண்டும்போது வேண்டிய அளவு கரைத்துக்கொள்ளலாம் என்பதும் வசதி. வினிகருக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: கரைசல் காய்ந்து வெள்ளை படிந்தாலும் அது தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். சிட்ரிக் ஆசிடை காயவிட்டால் அதுவே கால்சியத்தோடு சேர்ந்து மறுபடி வெள்ளையாகப் படியும். அதனால் முடித்ததும் நிறையத் தண்ணீர் ஊற்றி அலசிவிட வேண்டும்.

மக்குக்கு இவ்வளவு பாடு இல்லை. வாளியில் இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, மக் முங்கும்படி ஒரு மணி நேரம் போட்டால் வளையம் இளகிவிடும், அப்புறம் லிக்விடும் ஸ்பாஞ்சும் போதும். ஏற்கனவே கீறிய இடம் மட்டும் பழைய மாதிரி வராது, என் நீல மக் அப்படித்தான் இருக்கிறது.

மூன்று எச்சரிக்கை. தரை கடப்பாக்கல்லோ மார்பிளோ என்றால் எந்தப் புளிப்பும் சொட்டக் கூடாது, கல்லை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்த ஆசிடையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், கறைக்கு எதுவும் மிஞ்சாது.

இரண்டு தடவை ஊறவைத்து, லிக்விட் போட்டுக் கழுவியும், கை வைத்தால் வழவழப்பாக இருக்கும் கண்ணாடி மங்கலாகவே தெரிந்தால் கறை போய்விட்டது, கண்ணாடியே அரிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு பாலிஷ்தான் வழி. கோட்டிங் போட்ட கண்ணாடியில் நான் எதையும் சோதித்ததில்லை. போட்டுத் தந்தவரைக் கேட்டுவிட்டு, ஓரத்தில் ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது கதவுக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் வைப்பர் தொங்குகிறது. கடைசியாகக் குளிப்பவர் கண்ணாடியை மேலிருந்து கீழே நாலு இழுப்பு இழுத்துவிட வேண்டும், அரை நிமிஷ வேலை. ஆறு மாதமாக ஊறவைக்கும் வேலையே வரவில்லை.