வினை பல்லவியில், காரணம் சரணத்தில்: இரு கீர்த்தனைகளின் பொருட்பங்கீடு

ஒரு கீர்த்தனையின் பொருளில் பல்லவிக்கு எவ்வளவு பங்கு, சரணத்திற்கு எவ்வளவு பங்கு என்பதை ஆராய, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவும் உள்ளமைப்பில் எதிரெதிராகவும் நிற்கும் இரண்டு பாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது பயன் தரும். ஒன்று, இராம நாடகக் கீர்த்தனை தந்த அருணாசலக் கவிராயரின் ‘ஏன் பள்ளி கொண்டீர் ஐயா’. மற்றொன்று, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் வரும் ‘வருகலாமோ ஐயா’. முன்னதை மோகனத்திலும் பின்னதை மாஞ்சியிலும் கேட்டுப் பழகியிருக்கிறோம். இரண்டின் பல்லவியும் இறைவனை நோக்கிய கேள்வி; இரண்டிலும் ‘ஐயா’ என்னும் விளி உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைச் சரணம் எடுத்துச் செல்லும் வழி முற்றிலும் வேறு.

முதலில் இரண்டுக்கும் பொதுவான ஒரு நுட்பத்தைக் காண வேண்டும். ‘ஏன் பள்ளி கொண்டீர் ஐயா, ஸ்ரீரங்கநாதா நீர்’ என்ற பல்லவியில் வினை முன்னால் வந்துவிடுகிறது. எழுவாயாகிய ‘நீர்’ கடைசியில் நிற்கிறது. ‘வருகலாமோ ஐயா, உந்தன் அருகில் நின்று கொண்டாடவும் பாடவும் நான்’ என்பதிலும் அதே அமைப்புத்தான். உரைநடையில் இப்படி எழுவாயை இறுதியில் நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். பாட்டில் அந்தத் தொங்கலே தேவைப்படுகிறது, ஏனென்றால் பல்லவியைத் திரும்பப் பாடும்போது ‘நீர் – ஏன் பள்ளி கொண்டீர்’ என்றும், ‘நான் – வருகலாமோ’ என்றும் முடிவு தொடக்கத்தோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. அனுபல்லவியும் சரணமும் முடிந்து மீள்கிறபோதும் இந்த வாசலின் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும்.

அருணாசலக் கவிராயரின் பாட்டில் பொருள் இலக்கணக் கூறுகளாகவே பங்கிடப்பட்டிருக்கிறது. பல்லவியில் இருப்பது வினை. அனுபல்லவியில் இருப்பது இடம்: ‘இரண்டாற்று நடுவிலே’ என்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அரங்கத்தைச் சொல்லி நிறுத்துகிறது. சரணத்தில் இருப்பது காரணம், அதுவும் ஐயமாக அடுக்கப்பட்ட காரணங்கள். கோசிகன் சொல் குறித்ததற்கோ, ஈசன் வில்லை முறித்ததற்கோ, மிதிலை மன்னன் மகளுடன் வழி நடந்த இளைப்போ, குகனது ஓடத்திலே கங்கைத் துறை கடந்த இளைப்போ என்று வளர்ந்து, மாரீசனைத் தொடர்ந்ததும் தேவியைத் தேடியதும் மரங்கள் ஏழையும் துளைத்ததும் கடலைக் கட்டியதும் வந்து, இராவணாதிகளை ‘அடித்த வருத்தமோ’ என்பதில் முடிகிறது. இத்தனை அடிகளிலும் முற்றுவினை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் ‘ஓ’ என்று நின்று, தனக்குரிய வினையைப் பல்லவியிடம் கேட்கிறது. பல்லவியை நீக்கிவிட்டுச் சரணத்தை மட்டும் படித்தால் அது வாக்கியமே ஆகாது.

இந்தச் சார்பினால் நேரும் விளைவு பெரிது. பல்லவி அரங்கநாதனைப் பெயர் சொல்லி அழைக்கிறது. சரணமோ இராமன் செய்த காரியங்களைச் சொல்கிறதே தவிர, இராமன் என்ற பெயரைச் சொல்வதில்லை. பல்லவி வழியாக வரும் ‘நீர்’ என்பதே அந்தக் காரியங்கள் அனைத்துக்கும் எழுவாயாகிவிடுவதால், அரங்கத்தில் கிடப்பவனும் வில்லை முறித்தவனும் ஒருவனே என்ற செய்தி, பல்லவியிலும் கூறப்படாமல் சரணத்திலும் கூறப்படாமல், இரண்டும் பொருந்தும் மூட்டில் பிறக்கிறது. திருவரங்கத்துத் தலவரலாறோ, அந்த அரங்கநாதனை இராமனே வழிபட்டு வீடணனுக்கு அளித்ததாகச் சொல்வது. வழிபட்டவனையும் வழிபடப்பட்டவனையும் ஒன்றாக்கும் இந்தத் துணிச்சலைத் தனி அடியாக எழுதியிருந்தால் அது தத்துவ விளக்கமாகியிருக்கும். இங்கே அது களைத்துப் படுத்தவர் மேல் உள்ள பரிவாக மட்டும் கேட்கிறது.

‘வருகலாமோ’வின் சரணம் இதற்கு நேர்மாறானது. ‘பூமியில் புலையனாய்ப் பிறந்தேனே’ என்று தொடங்கி, புண்ணியம் செய்யாமல் ‘இருந்தேனே’, சாமி உன் சந்நிதி ‘வந்தேனே’, பவசாகரம் ‘கடந்தேனே’, சரணம் ‘அடைந்தேனே’ என்று ஒவ்வோர் அடியும் முற்றுவினையில் முடிகிறது. எந்த அடியும் பல்லவியின் வினையை எதிர்பார்த்து நிற்கவில்லை, கேள்வியும் இல்லை. பாவமும் பரிதாபமும் ‘தீரவே நான்’ என்ற கடைசித் துண்டு மட்டும் முற்றுப்பெறாமல் விடப்பட்டு, அதுவே ‘வருகலாமோ’வுக்குப் பாலமாகிறது. முதற்பாட்டின் சரணத்தில் ஒவ்வோர் அடிக்கும் பல்லவியோடு தனித்தனி இணைப்பு இருக்க, இதில் ஒரே ஓர் இணைப்புத்தான் இருக்கிறது.

அந்த ஓர் இணைப்பின் மேல் விழும் பாரம் அதிகம். முதன்முறை பாடும்போது ‘வருகலாமோ’ என்பது அனுமதி கேட்கும் பணிவு. ‘சந்நிதி வந்தேனே’, ‘சரணம் அடைந்தேனே’ என்ற பிறகு அதே சொல் வரும்போது ஒரு முரண் எழுகிறது: வந்துவிட்டவன் ஏன் ‘வரலாமா’ என்று கேட்கிறான்? பல்லவியிலுள்ள ‘அருகில்’ என்ற சொல்லைக் கவனித்தால் விடை கிடைக்கும். தில்லை எல்லை வரை வந்தாயிற்று. அதற்கு மேல் உள்ள கொஞ்ச தூரத்தை நடக்கப் பிறப்பு தடையாக நிற்கிறது. பிறவிக்கடலையே கடந்தேன் என்பவனுக்குக் கோயில் வாசலைக் கடக்க முடியவில்லை. பல்லவியின் சொற்கள் மாறவில்லை, ஆனால் பணிவாகத் தொடங்கிய கேள்வி மீளும்போது முறையீடாகிவிட்டது. ‘ஏன் பள்ளி கொண்டீர்’ எத்தனை முறை மீண்டாலும் பொருள் விரியுமே தவிர இவ்வாறு திரும்பாது.

கச்சேரியில் சரணத்தைச் சுருக்குவது வழக்கமாதலால், இந்த வேறுபாடு பாடுபவர்க்கும் பொருட்டாகிறது. கவிராயரின் சரணத்தில் சில அடிகளை விட்டாலும் இராமகதையின் தொடர்ச்சியில் இடைவெளி விழுமே ஒழிய வாக்கியம் குலையாது, எஞ்சிய ஒவ்வொரு ‘ஓ’வும் பல்லவியைத் தானே பிடித்துக்கொள்ளும். பாரதியாரின் சரணத்தில் பிறப்பைச் சொல்லும் முதலடியை விட்டாலும், வந்ததைச் சொல்லும் அடியை விட்டாலும் முரணின் ஒரு பக்கம் போய்விடும். அப்போது பல்லவி பழைய பணிவாகவே மீளும். ‘தீரவே நான்’ என்பதில் மூச்சை முடித்து, இடைவெளி விட்டுப் பல்லவியை எடுப்பதும் ஏறக்குறைய அதே இழப்பைத் தருகிறது. பக்திப் பாடல் புனைபவர்களில் பலர் சரணத்தின் கடைசி அடியையும் முற்றுவினையால் மூடிவிடுகிறார்கள். சரணத்தின் கடைசி அடியையும் பல்லவியின் முதற்சொல்லையும் ராகமின்றி உரைநடையாகச் சேர்த்துப் படித்தால் இந்தக் குறை உடனே புலப்படும்.

இந்தச் சோதனையில் தேறினாலும் இரண்டு வகையிலும் சேராத பாடல்கள் இருக்கின்றன. பாரதியாரின் ‘சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா’ அவற்றில் ஒன்று. அதன் சரணம் ‘கோபாலகிருஷ்ணன் பாடும் தில்லை’ என்று முடிந்து ‘சபாபதிக்கு’ என்பதோடு ஒட்டுகிறது. முத்திரைச் சொல்லே பாலமாகிறது. ஆனால் ஒட்டுவது தெய்வத்தின் பெயருக்கு அடைமொழியாகத்தான். சிவசிதம்பரம் என்று ஒருதரம் சொன்னால் போதும் என்ற சரணப் பொருள் பல்லவியின் தீர்ப்புக்குச் சான்றாக நிற்கிறதே தவிர, அதன் வினைக்குக் காரணத்தையும் தருவதில்லை, தொனியையும் மாற்றுவதில்லை. இறைவனின் செயல்களைப் பட்டியலிட வேண்டிய பாட்டுக்குக் கவிராயரின் முறையே ஏற்றது என்பதும், வேண்டுதல் பாட்டுக்கு ‘வருகலாமோ’வின் முறை வலிமையானது என்பதும் என் கணிப்பு. இந்த மூன்றாவது முறை புகழ்ச்சிப் பாட்டுக்குப் போதும். விண்ணப்பத்துக்கு அதைக் கையாண்டால் சரணம் எவ்வளவு உருகினாலும் பல்லவி அசையாமல் இருந்துவிடும்.