நிக்கல் ரெசினில் கழுவல்: இமிடசோல் 20 மில்லிமோலாரா, 50 மில்லிமோலாரா?

நாகர்கோவில் பக்கம் உள்ள கல்லூரி ஆய்வகங்களில் ஹிஸ்டிடின் வால் சேர்த்த புரதத்தைப் பிரிக்கப் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்தான். ரெசினை அதில் ஊற்றி, பஃபரைச் சொட்டுச் சொட்டாக இறங்க விடுவோம். மழை நாளில் கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு இறங்கும். ஆனால் இயந்திரத்தைப் போல இமிடசோலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக இதில் வழியில்லை. ஒட்டிய அழுக்கைக் கழுவ ஒரு அளவு, நம் புரதத்தை ரெசினிலிருந்து இறக்கும் எலூஷனுக்கு ஒரு அளவு என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். எலூஷனுக்கு 250 மில்லிமோலார் என்பதில் பெரிய தகராறு இல்லை. சண்டை எல்லாம் கழுவலில்தான்.

ஹிஸ்டிடினின் பக்கவாட்டில் இருப்பதும் இமிடசோல் வளையம்தான். தனி இமிடசோல் வந்தால் நிக்கலில் அதே இடத்துக்குப் போட்டி போடும். ஆறு ஹிஸ்டிடின் வரிசையாக இருக்கும் வால் இறுகப் பிடித்துக்கொள்ளும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஹிஸ்டிடின் உள்ள ஈ. கோலையின் சொந்தப் புரதங்கள் சீக்கிரம் கைவிடும். இந்த இடைவெளியை எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி.

20 மில்லிமோலார் பாதுகாப்பானது. நம் புரதம் கிட்டத்தட்ட முழுதும் ரெசினிலேயே நிற்கும், ஆனால் ஜெல்லில் எலூஷன் லேனில் கூடவே சில்லறை பேண்டுகள் வரும். 50 மில்லிமோலாரில் அந்தச் சில்லறை பெரும்பாலும் போய்விடும். வால் புரதத்தின் மடிப்புக்குள் பாதி மறைந்திருந்தால் நம் புரதமும் சேர்ந்து போகும். அதனால் வாலைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப மாட்டேன்.

சோதித்துப் பார்க்க அரை நாள் போதும். 50 மைக்ரோலிட்டர் ரெசினைச் சிறு டியூபில் எடுத்து, 10 மில்லிமோலார் இமிடசோல் உள்ள செல்களை உடைத்துத் தெளியவைத்த லைசேட்டில் ஒரு மணி நேரம் குளிரில் சுழல விடுங்கள். அப்புறம் அதே ரெசினில் 20, 40, 60, 100, 250 என்று வரிசையாக 200 மைக்ரோலிட்டர் பஃபர் சேர்த்து, ஒவ்வொன்றையும் சுழற்றி எடுத்து ஜெல்லில் ஓட்டுங்கள். கடைசியில் ரெசினையே சாம்பிள் பஃபரில் கொதிக்க வைத்து ஒரு லேன் போட வேண்டும். 250-க்கும் இறங்காதது அதில் தெரியும்.

30 கிலோடால்டன் புரதம் ஒன்றுக்கு இப்படிச் செய்ததாக வைத்துக்கொள்வோம். 20-ம் 40-ம் போட்ட லேன்களில் பல மெல்லிய பேண்டுகள். 60-இல் 30 கிலோடால்டனில் தடித்த ஒற்றை பேண்ட். அப்படியென்றால் 60 வேண்டாம், 50-கூட ஆபத்து. 40-இல் கழுவலாம். இதற்கு ரெசின் அளவைப் போல 10 மடங்கு பஃபர் போதும். மேலே மேலே ஊற்றினால் விளிம்பில் நிற்கும் புரதம் கசிந்துகொண்டே இருக்கும். கழுவிய நீரை மூன்று டியூபாகப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அழுக்கு முதல் டியூபுக்குப் பிறகு குறைந்துவிடும். நம் பேண்ட் மூன்றிலும் அதே தடிமனில் வந்தால் இமிடசோல் அளவைக் குறைக்க வேண்டியதுதான்.

இந்த ஒப்பீட்டையே கெடுக்கும் ஒன்று உண்டு: ரெசின் அதிகமாக இருப்பது. 8 மில்லிகிராம் புரதம்தான் எதிர்பார்க்கிறோம் என்றால் 1 மில்லிலிட்டர் ரெசின் தாராளம். கை கூசாமல் 3 மில்லிலிட்டர் போட்டால் மிச்ச இடமெல்லாம் காலி. காலி பஸ்ஸில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற கதைதான். இடம் நெருக்கமாக இருந்தால் வால் உள்ளது மற்றதைத் தள்ளிவிடும். அப்போது 20-இல் கழுவியதே 50-இல் கழுவியது போலச் சுத்தமாக வரும். எண்ணைக் கூட்டுவதற்கு முன் ரெசினைக் குறைத்துப் பார்ப்பதுதான் என் பழக்கம்.

இமிடசோலைத் தண்ணீரில் கரைத்தால் காரத்தன்மை ஏறும். 100 மில்லிலிட்டர் 2 மோலார் ஸ்டாக்குக்கு 13.6 கிராம் போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் pH-ஐ 8-க்குக் கொண்டுவந்த பிறகே கன அளவைச் சரிசெய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் 20-க்கும் 250-க்கும் இடையே இமிடசோல் மட்டும் மாறவில்லை, pH-உம் மாறியிருக்கிறது. ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. 280 நானோமீட்டரில் அளக்கும்போதும் எலூஷன் பஃபரையே பிளாங்காக வையுங்கள், ஏனென்றால் இமிடசோலும், அதிலுள்ள அசுத்தங்களும், கொஞ்சம் ஒளியை உறிஞ்சும்.

இரண்டு அளவுக்கும் மசியாத அழுக்கும் இருக்கிறது. ஈ. கோலையின் SlyD புரதத்தின் வாலிலேயே ஹிஸ்டிடின் நிறைய. 50-இல் கழுவினாலும் ஒட்டிக்கொண்டிருந்து, ஜெல்லில் 25 கிலோடால்டனை ஒட்டி ஒரு பேண்டாக நிற்கும். நம் புரதம் அதற்குப் பக்கத்து அளவில் இருந்தால் இன்னும் தொல்லை. அங்கே இமிடசோலைக் கூட்டிப் பார்ப்பது வீண் வேலை. அளவு வாரியாகப் பிரிக்கும் ரெசின் குழாயோ, அயனிப் பரிமாற்றமோ அடுத்துப் போட வேண்டும்.