ஜிஎம்முக்கு காரமான மெயில்: "சாரி சார்" போடறதா, தேதி போடறதா?

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனில மெர்ச்சன்டைசர்னு வச்சுக்கோங்க. கோவத்துல அடிச்ச டிராஃப்ட் இது: "சாம்பிளை நீங்க 9 நாள் வச்சிருந்தீங்க, இப்ப 25ஆம் தேதி ஷிப்மென்ட் கேட்டா எப்படி சார் முடியும்?" இதை அப்படியே அனுப்ப முடியாது, சரி.

முதல் வழி, நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேர் பண்றது: "தொந்தரவுக்கு மன்னிக்கவும் சார், கொஞ்சம் தாமதம் ஆகலாம்னு தோணுது, பார்த்து சொல்லுங்க". மரியாதை இருக்கு, ஆனா எத்தனை நாள் லேட், அவர் என்ன பண்ணணும், ரெண்டும் இல்ல. அவர் "ஓகே, ட்ரை பண்ணுங்க"ன்னு போட்டுடுவார், 25ஆம் தேதி மாட்டறது நீங்கதான்.

ரெண்டாவது வழி, "நீங்க"வ எடுத்துட்டு தேதியை அந்த இடத்துல வைக்கறது: "சார், சாம்பிள் அப்ரூவல் 12ஆம் தேதி வந்துச்சு. கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் 18 நாள் வேணும், அதனால 30ஆம் தேதிதான் ரெடி ஆகும். 25க்கே வேணும்னா பாதி சரக்கை அன்னிக்கு அனுப்பலாம், இல்லன்னா ஞாயிறு ஓவர்டைம் போடணும். எனக்கு பாதி சரக்கு அனுப்பறதுதான் சரியா படுது. புதன் மதியத்துக்குள்ள சொன்னீங்கன்னா பையருக்கு எழுதிடறேன்".

என் ஓட்டு இதுக்குதான். லேட்டுக்கு யார் காரணம்னு அந்த 12 பார்த்தாலே அவருக்கே புரிஞ்சிடும், குத்திக்காட்ட வேணாம். "சார்" ஒண்ணு போதும், வரிக்கு வரி வேணாம். ஆனா லேட் உங்க டீமால வந்ததுன்னா "லேட் ஆயிடுச்சு"ன்னு மொட்டையா எழுதாதீங்க, அது நழுவற மாதிரி தெரியும், "எங்க பக்கம் 2 நாள் போச்சு"ன்னே எழுதிடுங்க. முதல் வழி லீவு கேக்கறதுக்கு ஓகே.